நெட் டெல்டா சைபர், தீட்டா பிளஸ், ஆனாலும் நஷ்டம்: போர்ட்ஃபோலியோ கிரீக்ஸைப் படிப்பதும் லிமிட் வைப்பதும்

கேள்வி: "மூலதனம் 25 லட்சம், அதில் 10 லட்சம் பிளெட்ஜ் செய்த பங்குகள். நிஃப்டி 25,000 அருகே இருக்கும்போது, 30 நாள் தள்ளி இருக்கும் மாத எக்ஸ்பைரியில் 24,000 புட், 26,000 கால் இரண்டிலும் பத்துப் பத்து லாட் விற்றேன். ஸ்கிரீனில் நெட் டெல்டா சைபர், தீட்டா நாளுக்கு 4,500 பிளஸ். நேற்று நிஃப்டி 40 புள்ளிதான் நகர்ந்தது, 58,000 போய்விட்டது. எதைப் பார்க்கத் தவறினேன்? எந்த கிரீக்குக்கு எவ்வளவு லிமிட் வைப்பது?"

ஒரு புரோக்கிங் நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் எட்டு வருடம் இருந்தேன். அப்புறம் சொந்தப் பணத்தில் இன்டெக்ஸ் ஆப்ஷன் செய்து வருகிறேன். நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்தே கணக்குப் போடுகிறேன். லாட் அளவு 65, இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் ஐவி, அதாவது ஆப்ஷன் விலையில் பொதிந்திருக்கும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு, 13 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். நிஜத்தில் புட் பக்கம் ஐவி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் நான் சொல்ல வருவதற்கு இந்த வட்டமான எண்களே போதும்.

இந்த இரண்டு ஆப்ஷன்களிலும் ஒவ்வொன்றின் டெல்டா சுமார் 0.15, தீட்டா நாளுக்கு மூன்றரைப் புள்ளி, வேகா ஐவி ஒரு புள்ளி மாறினால் 16 புள்ளி. பத்து லாட் என்றால் 650 எண்ணிக்கை. ஆகவே உங்கள் மொத்தத் தீட்டா 650 பெருக்கல் 7, அதாவது 4,550 ரூபாய். மொத்த வேகா 650 பெருக்கல் 32, அதாவது மைனஸ் 20,800 ரூபாய். ஐவி ஒரே ஒரு புள்ளி ஏறினால் நாலரை நாள் தீட்டா போய்விடும் என்று இதற்குப் பொருள். நேற்று ஐவி 13-லிருந்து 16-க்கு ஏறியிருந்தால் வேகாவால் மட்டும் 62,400 நஷ்டம். நிஃப்டியின் 40 புள்ளி நகர்வால் காமா வழியாகப் போனது வெறும் 250 ரூபாய். தீட்டா 4,550 கொடுத்தது. கூட்டிக் கழித்தால் 58,100. உங்கள் நஷ்டம் ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டது. நேற்றைய ஆப்ஷன் செயினை எடுத்து உங்கள் இரண்டு ஸ்ட்ரைக்கின் ஐவியையும் முந்தைய நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் அங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

சந்தை நகராமல் ஐவி மட்டும் ஏறுவது அபூர்வம் இல்லை. 2024 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் தொடங்கியபோதும் முடிந்தபோதும் நிஃப்டி 22,500, 22,600 பக்கம்தான் இருந்தது. இந்தியா விக்ஸ் மட்டும் 13 அருகிலிருந்து 24-க்கு மேல் போனது. தேர்தல் முடிவு நெருங்கியதுதான் காரணம். அந்த மாதம் டெல்டாவைச் சமன் செய்துகொண்டே உங்களுடையது மாதிரி ஸ்ட்ராங்கிள் விற்றவர்களில் பலர், சந்தை பக்கவாட்டில் நகர்ந்தும் பணம் இழந்தார்கள்.

அடுத்து, உங்கள் நெட் டெல்டா உண்மையில் சைபர் இல்லை. ஸ்கிரீன் ஆப்ஷன்களை மட்டும்தான் கூட்டிக் காட்டுகிறது. மார்ஜினுக்காக வைத்த 10 லட்சம் பங்குகளும் உங்கள் போர்ட்ஃபோலியோதான். அவற்றின் பீட்டா 1.1 என்று வைத்தால், 11 லட்சம் ரூபாய்க்கு நிஃப்டி வாங்கியதற்குச் சமம். 11 லட்சத்தை 25,000-ஆல் வகுத்தால் 44 யூனிட். நிஃப்டி ஒரு சதவீதம் விழுந்தால் அந்தப் பங்குகளில் 11,000 போகும். ஸ்ட்ராங்கிளில் நஷ்டம் வரும் அதே நாளில் மார்ஜினாக நிற்கும் பங்குகளும் இறங்கும். அதனால்தான் டெல்டாவை எப்போதும் ரூபாயில் எழுதச் சொல்கிறேன். நிஃப்டி, பேங்க் நிஃப்டி, பங்குகள் எல்லாம் கலந்திருக்கும்போது வெறும் டெல்டா எண்களைக் கூட்டுவது அர்த்தமில்லாதது. பேங்க் நிஃப்டியின் ஒரு யூனிட்டும் நிஃப்டியின் ஒரு யூனிட்டும் ஒரே பணம் இல்லையே. ஒவ்வொன்றின் டெல்டாவையும் அதன் விலையால் பெருக்கி, பீட்டாவால் நிஃப்டிக்கு மாற்றிவிட்டுப் பிறகு கூட்டுங்கள். பீட்டா என்பது கடந்தகாலத்தை வைத்துச் செய்யும் மதிப்பீடு. பெரிய வீழ்ச்சி நாளில் சின்னப் பங்குகள் தங்கள் பழைய பீட்டாவைவிட அதிகமாக விழும். ஆகவே இந்த 44-ஐத் துல்லியமான எண்ணாக எடுக்க வேண்டாம்.

தீட்டாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பலர் அதைச் சம்பளம் மாதிரி பார்க்கிறார்கள். அது காமாவைச் சுமப்பதற்குச் சந்தை தரும் வாடகை. உங்கள் மொத்தக் காமா 0.312. அதாவது நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் உங்கள் டெல்டா 0.312 யூனிட் உங்களுக்கு எதிராக மாறும். காமாவில் பாதியை நகர்வின் வர்க்கத்தால் பெருக்கினால் நஷ்டம் வரும். அது 4,550 தீட்டாவுக்குச் சமமாகும் இடம் சுமார் 170 புள்ளி, அதாவது 0.68 சதவீதம். ஆண்டு ஐவி 13-ஐ 365-இன் வர்க்கமூலத்தால் வகுத்தாலும் இதே 0.68-தான் வரும். இது தற்செயல் இல்லை. வட்டியை ஒதுக்கிவிட்டால், தீட்டாவையும் காமாவையும் ஐவி இப்படித்தான் ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கிறது. எந்த ஸ்ட்ரைக், எந்த எக்ஸ்பைரி எடுத்தாலும், ஐவி அதுவேதான் என்றால், ஒரு ரூபாய்த் தீட்டாவுக்கு அந்த நொடியில் நீங்கள் சுமக்கும் காமாவும் அதேதான். அதனால் தீட்டாவுக்கென்று தனியாக லிமிட் வைப்பதைவிட, காமாவுக்கு வைத்துவிட்டு, மிஞ்சும் தீட்டா எவ்வளவோ அதை ஏற்றுக்கொள்வதே சரியான வரிசை. "மாதம் இவ்வளவு தீட்டா வேண்டும்" என்று தொடங்கினால் மற்ற எல்லாம் தானாகவே கைமீறிப் போகும்.

வேகாவுக்கும் தீட்டாவுக்கும் உள்ள உறவு வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு ஒன்று உண்டு: மீதி நாட்களை இரண்டால் பெருக்கி, ஐவியால் வகுங்கள். உங்களுக்கு 60-ஐ 13-ஆல் வகுத்தால் 4.6. ஐவி ஒரு புள்ளி ஏறினால் 4.6 நாள் தீட்டா போகும் என்பதே இதன் பொருள். முதலில் பார்த்த நாலரை நாளும் இதுதான். ஏழு நாள் எக்ஸ்பைரியில் 14-ஐ 13-ஆல் வகுத்தால் ஒரு நாள் சொச்சம்தான். ஸ்ட்ரைக்கைத் தள்ளி வைப்பதோ, லாட்டைக் குறைப்பதோ இந்த விகிதத்தை மாற்றாது. எக்ஸ்பைரியை மாற்றினால்தான் மாறும். சரி, அப்படியானால் எல்லாவற்றையும் வாராந்திரத்துக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கே வேகா சுருங்கும், காமா சுருங்காது. அதைவிட மோசம், எக்ஸ்பைரிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது நிஃப்டி உங்கள் ஸ்ட்ரைக்கை நோக்கி நடந்தால் காமா பல மடங்கு வீங்கும். காலையில் ஸ்கிரீன் காட்டிய காமா மதியம் செல்லாது. ஆகவே ஒரே எக்ஸ்பைரியில் உட்கார்ந்தால் வேகாவோ காமாவோ ஏதாவது ஒன்று தலைதூக்கும். கொஞ்சம் பக்கத்திலும் கொஞ்சம் தூரத்திலும் பிரித்து வைப்பதற்குக் காரணம் இதுதான்.

லிமிட் வைக்கும்போது டெல்டா 44, வேகா 20,800, காமா 0.312 என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரிது என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் வேறு அளவுகோல். ஆகவே ஒரு மோசமான நாளை நீங்களே வரையறுங்கள், அந்த நாளில் ஒவ்வொன்றும் எத்தனை ரூபாய் கேட்கும் என்று பாருங்கள். நான் எடுப்பது நிஃப்டியில் 2 சதவீத நகர்வு, ஐவியில் 4 புள்ளி ஏற்றம். இது என் தேர்வு, சட்டம் இல்லை. ஐவி 11-இல் கிடக்கும் அமைதியான காலத்தில் 4 புள்ளி போதாது என்றுகூட நினைக்கிறேன். கீழே இருக்கும் ஐவிக்கு ஏற இடம் அதிகம்.

இந்த நாளில் உங்கள் பழைய பொசிஷன் என்ன ஆகும்? வேகாவால் 83,200. நிஃப்டி 500 புள்ளி விழுந்தால் பங்குகளின் டெல்டாவால் 22,000. காமாவால் 39,000. மொத்தம் 1,44,200, அதாவது மூலதனத்தில் கிட்டத்தட்ட 6 சதவீதம். அதில் வேகாவின் பங்கு மட்டும் 58 சதவீதம். ஒரு கிரீக் ஆதிக்கம் செலுத்துகிறது என்று சொல்வது இதைத்தான். சந்தை விழும் நாளில் பெரும்பாலும் ஐவியும் சேர்ந்தே ஏறும் என்பதால் மூன்றையும் கூட்டுவது மிகைப்படுத்தல் இல்லை.

நான் உங்களுக்குச் சொல்லும் லிமிட் இரண்டே இரண்டு விதி. எந்த ஒரு கிரீக்கும் அந்த மோசமான நாளில் மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல், உங்களுக்கு 25,000-க்கு மேல், கேட்கக் கூடாது. மூன்றின் மொத்தத்தில் எந்த ஒன்றும் பாதியைத் தாண்டக் கூடாது. 25,000-ஐத் திருப்பிக் கணக்கிட்டால் லிமிட்கள் தாமாகவே வரும். வேகா ஐவி புள்ளிக்கு 6,250. டெல்டா 50 யூனிட், அதாவது பன்னிரண்டரை லட்சம் ரூபாய். காமா 0.2. முதல் விதி எல்லை, இரண்டாம் விதி எச்சரிக்கை மணி. இரண்டாவது மட்டும் தனியாக ஒலித்து, மொத்தத் தொகை சின்னதாக இருந்தால் பதற வேண்டாம்.

இந்த வேகா லிமிட்டுக்குள் உங்கள் ஸ்ட்ராங்கிள் மூன்று லாட்தான் நிற்கும். தீட்டா 1,365-க்கு இறங்கும். ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் 25 லட்சத்தால் சுமக்க முடிந்த அளவு அதுதான். இப்போது மொத்தம் 58,700 பக்கம் வரும்: வேகா 25,000, டெல்டா 22,000, காமா 11,700. வேகாவின் பங்கு பாதிக்குக் கீழே வந்துவிட்டது.

இன்னொரு வழியும் இருக்கிறது, இதில்தான் கிரீக்ஸின் குறை தெரியும். 23,500 புட்டையும் 26,500 காலையும் வாங்கி அயர்ன் காண்டாராக மாற்றினால், ஒரு லாட்டின் வேகாவும் தீட்டாவும் காமாவும் ஏறக்குறைய பாதியாகும். ஆக ஆறு லாட் காண்டார் வைக்கலாம். வேகா 6,240, தீட்டா சுமார் 1,400, காமா 0.094. மூன்று லாட் ஸ்ட்ராங்கிளின் எண்களும் இவைதான். ஸ்கிரீனில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 2024 ஜூன் 4 மாதிரி ஒரு நாளைக் காட்டுங்கள். அன்று நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. முந்தைய நாள்தான் 3 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. இதே வீழ்ச்சியை 25,000-இல் வைத்து, ஐவி 20-க்குப் போனதாக முழுமையாக விலை போட்டுப் பார்த்தேன். மூன்று லாட் ஸ்ட்ராங்கிளில் நஷ்டம் 1,38,000 பக்கம். ஆறு லாட் காண்டாரில் 83,000 பக்கம். உங்கள் பழைய பத்து லாட்டில் நாலரை லட்சத்துக்கு மேல், பங்குகளின் நஷ்டம் தனி. நெட் கிரீக்ஸ் என்பது நீங்கள் நிற்கும் இடத்தின் சரிவை மட்டும் சொல்லும். ஆயிரம் புள்ளி தள்ளி என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஆகவே கிரீக் லிமிட்டோடு சேர்த்து, நிஃப்டி 6 சதவீதம் இரு பக்கமும் போனால், ஐவியும் மாறினால் என்ன ஆகும் என்று ஒரு முழு மறுவிலைக் கணக்கையும் வாரம் ஒரு முறையாவது போடுங்கள். அதற்கும் ஒரு எல்லை வையுங்கள். நான் மூலதனத்தில் 6 சதவீதம் வைத்திருக்கிறேன்.

வேகாவைக் கூட்டும்போது ஒரு பொறி உண்டு, நானே அதில் விழுந்திருக்கிறேன். பக்கத்து மாத ஸ்ட்ராங்கிளை விற்று, தூரத்து மாதத்தில் வாங்கி, நெட் வேகாவைச் சைபருக்குக் கொண்டு வந்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஐவி ஏறியது. பக்கத்து மாதம் தாவியது, தூரத்து மாதம் கொஞ்சம்தான் அசைந்தது. சைபர் வேகாவில் நஷ்டம் வந்தது. ஒவ்வொரு எக்ஸ்பைரியின் ஐவியும் ஒரே அளவில் நகர்வதில்லை, பக்கத்தில் இருப்பது அதிகமாக ஆடும். அன்றிலிருந்து ஒவ்வொரு எக்ஸ்பைரியின் வேகாவையும், 30-ஐ மீதி நாட்களால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கிவிட்டுத்தான் கூட்டுகிறேன். 90 நாள் ஆப்ஷனில் அது 0.58, ஏழு நாளில் 2.07. உதாரணமாக 30 நாளில் மைனஸ் 20,800, 90 நாளில் பிளஸ் 20,800 என்றால் ஸ்கிரீன் சைபர் காட்டும். திருத்திய கணக்கில் மைனஸ் 8,700 பக்கம் வரும். இந்த வர்க்கமூலம் ஒரு நடைமுறை விதிதான். பட்ஜெட், தேர்தல் முடிவு மாதிரி தேதி குறித்த நிகழ்வு குறிப்பிட்ட ஒரு எக்ஸ்பைரிக்குள் விழும்போது அது பொருந்தாது. அப்போது அந்த எக்ஸ்பைரியைத் தனியாக வைத்துப் பாருங்கள். புட் பக்க ஐவி கால் பக்கத்தைவிட வேகமாக ஏறுவதையும் இந்தக் கணக்கு பிடிக்காது.

லிமிட் வைத்தபின் நீங்கள் எதுவும் செய்யாமலே அது உடையும். ஆறு லாட் காண்டாரில் நிஃப்டி 250 புள்ளி இறங்கினால் காமாவால் உங்கள் டெல்டா சுமார் 23 யூனிட் கூடும். ஏற்கெனவே பங்குகளில் 44 இருக்கிறது. மொத்தம் 67, லிமிட் 50. இங்கே ஒரு லாட் ஃபியூச்சர் விற்றால் 65 யூனிட் குறைந்து ஏறக்குறைய சைபருக்கு வரும். டெல்டாவைத் தவிர வேறெதையும் அது தொடாது. அல்லது அப்போதைய சந்தை விலைக்குப் பக்கத்து ஸ்ட்ரைக்கில் ஒரு லாட் புட் வாங்கலாம். டெல்டா 32 யூனிட் குறைந்து 35-க்கு வரும், வேகாவில் 1,860 திரும்பக் கிடைக்கும், தீட்டாவில் நாளுக்கு 400 போகும். எதைத் தேர்வது என்பது அப்போது எந்த கிரீக் லிமிட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் விஷயத்தில் வேகாவும் விளிம்பில் நிற்பதால் நான் புட் வாங்குவேன். விழுந்த பிறகு புட்டின் விலை ஏறியிருக்கும் என்பது உண்மை. அதனால் லிமிட்டின் 70 சதவீதத்தைத் தொடும்போதே, அதாவது டெல்டா 35 யூனிட்டில், கை வைத்துவிடுவது மலிவு. உங்கள் பங்குகள் மட்டுமே இப்போது 44 யூனிட் என்பதால், காண்டாரைத் தொடங்கும்போதே கால் பக்கத்தில் ஸ்ட்ரைக்கைக் கொஞ்சம் நெருக்கி வைத்து, ஆப்ஷன் பக்கம் மைனஸ் 15 அல்லது 20 டெல்டாவோடு ஆரம்பியுங்கள்.

தினமும் மூன்றரை மணிக்குப் பிறகு, அன்றைய லாப நஷ்டத்தை டெல்டா, காமா, வேகா, தீட்டா என்று நான்காகப் பிரித்து எழுதுங்கள். கணக்கு எளிது, உங்கள் 58,000-ஐ மேலே பிரித்ததும் இப்படித்தான். நான்கையும் கூட்டியது உண்மையான தொகைக்கு அருகில் வராவிட்டால், உங்கள் ஸ்கிரீன் காட்டும் கிரீக் எதிலோ பிழை இருக்கிறது, அல்லது புட் ஐவியும் கால் ஐவியும் வேறு வேறு திசையில் நகர்ந்திருக்கின்றன. பெரிய நகர்வு நாட்களில் கொஞ்சம் மிச்சம் விழும், அது இயல்பு. அமைதியான நாட்களிலும் மிச்சம் தொடர்ந்து விழுந்தால், லிமிட்டை நம்புவதற்கு முன் அந்த எண்களைச் சரிபாருங்கள். முதல் வேலையாக நேற்றைய ஐவியை எடுத்து இந்தப் பிரிப்பைப் போட்டுப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு வருகிறது என்று எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.